மருந்துதான் இருக்கே, ஊசி எதுக்கு?

பக்கத்து வீட்டு சார்வாளுக்கு நிமோனியா வந்தபோது அவர் ஒரு தடவைகூட இருமவில்லை. காய்ச்சலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு தோசை சாப்பிடுகிறவர் பாதித் தோசையோடு எழுந்துவிட்டார். திங்கட்கிழமை முழுக்கத் தூக்கம். அவருக்கு 15 வருஷமாகச் சர்க்கரை வியாதி இருப்பதால், சர்க்கரைதான் குறைந்துவிட்டதோ என்று வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். 260 இருந்தது. சரி, சர்க்கரை ஏறியதால் வந்த அசதி என்று முடிவு செய்துகொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். "மதினி, சார் ஒரு மாதிரியா பேசுதாக. என்னைப் பாத்து, செத்துப்போன அவுக அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிடுதாக" என்று என் ஆச்சியிடம் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. பாத்ரூம் வாசலில் சார்வாள் சரிந்து கிடந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே நர்ஸ் முதலில் செய்தது, அவருடைய நெஞ்சையே பார்த்தபடி ஒரு நிமிஷம் மூச்சை எண்ணியதுதான். 34. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிஷத்துக்கு 20 தடவைக்குள் இருக்க வேண்டிய மூச்சு அது. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 85 என்று காட்டியது. ரத்த அழுத்தம் 90-க்கும் கீழே போயிருந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது. காற்று நிற்க வேண்டிய இடத்தில் சீழும் நீரும் நின்றால் படத்தில் அப்படித்தான் தெரியும். ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு, ஆன்டிபயாடிக் ஏற்றி ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது: ரத்தத்தில் நிமோகாக்கஸ் பாக்டீரியா.

சார்வாள் பிழைத்து வந்தார். அவர் படுத்திருந்த நாட்களில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான். இருமல், காய்ச்சல், சளி எதுவுமே இல்லாமல் எப்படி நிமோனியா?

முதுமையில் அது அப்படித்தான் வரும் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. காய்ச்சல் என்பது கிருமியை எதிர்த்து உடல் எழுப்புகிற சூடு. வயதான உடலில் அந்த எதிர்ப்பு மந்தமாகிவிடுவதால் சூடும் பல சமயம் எழுவதில்லை. சளியை மேலே தள்ளுகிற இருமல் உணர்வும் தளர்ந்துபோகிறது. அதனால் நோய் நுரையீரலில் ஆரம்பித்தாலும் நம் கண்ணுக்கு முதலில் தெரிவது வேறு இடத்தில். சாப்பாடு இறங்காது. பகலெல்லாம் தூங்குவார்கள். ஆள் அடையாளம், நேரம், இடம் குழம்பும். காரணமில்லாமல் கீழே விழுவார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதும் நோய்த்தொற்றும் சேர்ந்து மூளையைக் கலக்குவதால் வருகிற குழப்பம் அது. "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டு நாள் ஓடிவிடும்.

வீட்டில் இருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு என்றால் அது மூச்சை எண்ணுவதுதான். பெரியவர் அமைதியாகப் படுத்திருக்கும்போது, அவருக்குச் சொல்லாமல், நெஞ்சு எழுந்து தாழ்வதை முழு ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்கினால் தப்பு வரும். 25-ஐத் தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். 30-ஐத் தாண்டினால் 108-ஐக் கூப்பிட வேண்டும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு விரல் கருவியில் 94-க்குக் கீழே காட்டினாலும் காத்திருக்கக் கூடாது. விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும், விரல் சில்லிட்டிருந்தாலும் கருவி தப்பாகக் காட்டும் என்பதால் வேறு விரலிலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

என் ஆச்சிக்கு 74 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறார், மற்றபடி திடமானவர். முந்தின வருஷம் பி.பி. பார்க்கப் போனபோதே, எங்கள் குடும்ப டாக்டர் நிமோனியா தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஆச்சி சம்மதிக்கவில்லை. தடுப்பூசி என்றால் பச்சைப் பிள்ளைகளுக்கு என்பது அவர் எண்ணம். என் மகனுக்கு அந்த ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவரே அவர்தான். "எனக்கு ஒரு சளி உண்டா, தடுமன் உண்டா? தேடிப்போய் எதுக்குக் குத்திக்கிடணும்?" என்றார். விலையைக் கேட்டபிறகு பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. ஆனால் இத்தனைக்கும் அடியில் இருந்த அவருடைய உண்மையான வாதம் ஒன்றுதான்: "வந்தா மருந்துதான் இருக்கே, ஊசி எதுக்கு?"

அறிவுள்ள கேள்வி அது. ஆச்சிக்கு 70 வருஷத்துக்கு முன்னால் அமெரிக்க டாக்டர்கள் அத்தனை பேரும் அதையேதான் கேட்டார்கள்.

நிமோகாக்கஸ் கிருமியை 1881-ல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கிருமியின் பலம் அதன் மேலே இருக்கிற உறையில் இருக்கிறது. சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன வழுவழுப்பான உறை அது. கிருமிகளை விழுங்க வருகிற நம் வெள்ளையணுக்கள் அதைப் பிடிக்கப் போவது, தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துவிட்ட பிள்ளையை ஓடிப்பிடிப்பது மாதிரி. கை வழுக்கிவிடும். அந்த உறையைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் முன்கூட்டியே இருந்தால்தான் வெள்ளையணுக்களுக்குப் பிடி கிடைக்கும். உறையின் சர்க்கரையைப் பிரித்தெடுத்து உடலில் செலுத்தினால் அந்த எதிர்ப்பொருள்கள் உண்டாகும் என்பதுதான் இந்தத் தடுப்பூசியின் அடிப்படை. சிக்கல் என்னவென்றால் உறை ஒரே வகை இல்லை. 100-க்கும் மேற்பட்ட வகைகள் இதுவரை கண்டறியப்பட்டிருக்கின்றன. எந்த ஊசியாலும் எல்லா வகைகளையும் அடக்க முடிவதில்லை. அதிகமாக நோய் உண்டாக்கும் வகைகளைத் தேர்ந்தெடுத்துத்தான் ஊசியில் சேர்க்கிறார்கள்.

1940-களிலேயே 6 வகைகளுக்கான தடுப்பூசி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. யாரும் வாங்கவில்லை. அதே காலத்தில் பென்சிலின் வந்திருந்தது. சாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த டாக்டர்கள், இனி நிமோனியாவுக்கு ஊசி எதற்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். தயாரித்த கம்பெனியும் அதை நிறுத்திவிட்டது.

ராபர்ட் ஆஸ்ட்ரியன் என்ற ஒரு டாக்டருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த பெரிய அரசு ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் நிமோகாக்கஸ் பரவிய நோயாளிகளை அவர் 10 வருஷம் பின்தொடர்ந்து கணக்கெடுத்தார். பென்சிலின் தாராளமாகக் கிடைத்த காலத்தில், அதைக் கொடுத்தும் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜெரோம் கோல்டு என்பவரோடு சேர்ந்து 1964-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில் சொன்னது இதுதான்: நோய் தொடங்கி முதல் 5 நாட்களுக்குள் உயிரிழக்கும் அளவுக்குத் தாக்கப்பட்டவர்களின் விஷயத்தில் பென்சிலினால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அந்தக் கட்டத்தைத் தாண்டி நின்றவர்களைத்தான் அது காப்பாற்றியது. மருந்து கிருமியைக் கொல்கிறது. ஆனால் அதற்குள் நுரையீரல் நிரம்பி, ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகமும் இதயமும் அடி வாங்கியிருந்தால் அந்தச் சேதத்தை மருந்தால் திரும்பப் பெற முடிவதில்லை. வயதானவர்களும் வேறு நோய் உள்ளவர்களும்தான் அப்படி முதலில் போனார்கள்.

அதன்பிறகு ஆஸ்ட்ரியன் தடுப்பூசியை மறுபடி உயிர்ப்பிக்க இறங்கினார். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் தூர ஊர்களிலிருந்து வந்து நெருக்கமான கொட்டடிகளில் தங்கி வேலைபார்த்த இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நிமோனியாவில் விழுந்துகொண்டிருந்தார்கள். 1970-களில் அவர்களிடம் நடந்த சோதனையில், ஊசியில் சேர்த்திருந்த வகைகளால் வரும் நோய் பெருமளவு குறைந்தது. 1977-ல் 14 வகைகளுக்கான ஊசிக்கும், 1983-ல் 23 வகைகளுக்கான ஊசிக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த 23 வகை ஊசி இன்றைக்கும் நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.

இந்த வரலாறெல்லாம் ஆச்சிக்குத் தேவைப்படவில்லை. சார்வாள் வீடு திரும்பிய அன்று போய்ப் பார்த்துவிட்டு வந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். 9 நாளில் அந்த மனிதர் பாதியாகியிருந்தார். கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வர இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் எந்தத் தாமதமும் நடக்கவில்லை, நல்ல மருந்து உடனே ஏறியது, அப்படியும் இந்த நிலை. அது ஆச்சியின் மனதில் வேலை செய்திருக்க வேண்டும். ராத்திரி என்னிடம், "ஏட்டி, அந்த டாக்டரம்மாட்ட என்னைக் கூட்டிட்டுப் போ. போட்டுக்கிடுதேன்னு சொல்லல. கேக்கணும்னு சொல்லுதேன்" என்றார்.

டாக்டரம்மா வயதில் ஆச்சிக்குப் பேத்தி மாதிரி. "சொல்லுங்க ஆச்சி" என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆச்சி சுற்றி வளைக்கவில்லை. "இதைப் போட்டா எனக்கு நிமோனியா வராதா?"

"வராதுன்னு சொல்ல மாட்டேன் ஆச்சி. வரலாம்."

நான் திடுக்கிட்டேன். இவ்வளவு சிரமப்பட்டுக் கூட்டிவந்த பிறகு இப்படிச் சொல்கிறாரே என்று இருந்தது. ஆச்சி அசையவில்லை. டாக்டர் விளக்கினார். நிமோனியா என்பது நுரையீரல் அழற்சிக்கு உள்ள பொதுப்பெயர். ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களாலும் வரும், காசநோய்க் கிருமியாலும் வரும், வேறு பாக்டீரியாக்களாலும் வரும். படுத்தபடி சாப்பிடும்போது உணவு மூச்சுக்குழாயில் போயும் வரும். இந்த ஊசி அவற்றையெல்லாம் தடுக்காது. நிமோகாக்கஸ் என்ற ஒரே கிருமியை, அதிலும் ஊசியில் உள்ள வகைகளை மட்டுமே இது எதிர்க்கும். ஆனால் பெரியவர்களுக்கு நிமோனியா கொடுக்கும் பாக்டீரியாக்களில் முக்கியமானது அதுதான். ரத்தத்துக்குள் புகுந்து ஐ.சி.யு. வரை கொண்டுபோவதும் மூளையுறையைத் தாக்குவதும் அதன் குணம்.

எவ்வளவு எதிர்க்கும் என்பதற்கும் கணக்கு உண்டு. நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த ஏறக்குறைய 85,000 பேரிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2015-ல் வெளிவந்தன. பாதிப்பேருக்கு 13 வகைகளுக்கான ஊசியும் மீதிப்பேருக்கு மருந்தில்லாத ஊசியும் போட்டு, சுமார் 4 வருஷம் கவனித்தார்கள். ஊசி போட்டவர்களிடம் அந்த 13 வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய 46 சதவீதம் குறைந்தது. ரத்தம் போன்ற, கிருமியே இருக்கக் கூடாத இடங்களுக்கு அந்த வகைகள் பரவுவது 75 சதவீதம் குறைந்தது. ஆனால் எந்தக் கிருமியால் வந்திருந்தாலும் சரி என்று எல்லா நிமோனியாவையும் சேர்த்து எண்ணியபோது இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதல் இரண்டு எண்களை மட்டும் சொல்லிவிட்டுக் கடைசி வரியை விழுங்கிவிடுகிற விளம்பரங்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. ஊசி போட்ட பிறகு வைரஸால் ஒரு நிமோனியா வந்துவிட்டால், "ஊசியே ஏமாத்து" என்று அந்தத் தெரு முழுக்க நம்பிக்கை இழந்துவிடும்.

டாக்டர் சொன்னதையெல்லாம் ஆச்சி தன் மொழியில் சுருக்கிக்கொண்டார். "அப்போ சார்வாளுக்கு வந்தது எனக்கு அம்புட்டு மோசமா வராதுங்கீக."

"வர்ற வாய்ப்பு நல்லாக் குறையும்ங்கேன், ஆச்சி."

"அதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

வராது என்று சத்தியம் செய்திருந்தால் ஆச்சி எழுந்து வந்திருப்பார் என்று நினைக்கிறேன். 74 வயதில், வரவே வராது என்று சொல்லி விற்கப்பட்ட எத்தனையோ பொருட்களை அவர் பார்த்தவர்.

அடுத்து எந்த ஊசி என்ற பேச்சு வந்தது. இங்கேதான் பல குடும்பங்கள் குழம்புகின்றன. கடையில் எண்களோடு வரும் ஊசிகளில் 23 என்பது 13-ஐவிடப் பெரிய எண் என்பதால் அதுவே மேல் என்று தோன்றும். அப்படி இல்லை. 23 வகை ஊசியில் இருப்பது உறையின் சர்க்கரை மட்டும். உடல் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும், ஆனால் நீண்டகால நினைவு உண்டாகாது. சில வருஷங்களில் பலன் தேய்ந்துவிடும். 13, 20 வகை ஊசிகளில் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு பிணைத்திருக்கிறார்கள். புரதத்தைக் கண்டால் நம் எதிர்ப்பு மண்டலத்தின் இன்னொரு பிரிவும் விழித்துக்கொண்டு நினைவில் பதித்துக்கொள்ளும். சர்க்கரைக்கு மட்டும் சரியாக எதிர்வினை காட்டத் தெரியாத கைக்குழந்தைகளிடமும் இது வேலை செய்வதற்குக் காரணம் அதுவே. அதனால் புரதம் சேர்ந்ததை முதலில் போடுவதுதான் நல்ல வரிசை. 20 வகை ஊசி கிடைத்தால் அது ஒன்றே போதும். 13 வகை போட்டால், குறைந்தது ஒரு வருஷம் கழித்து 23 வகையைப் போட்டு மற்ற வகைகளுக்கும் பாதுகாப்பை விரிக்கலாம். புற்றுநோய், மண்ணீரல் அகற்றியது, எதிர்ப்புச்சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பது என்று இருந்தால் இடைவெளி குறையும், அதை அவர்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே எப்போதாவது 23 வகை போட்டவர்கள் அந்தச் சீட்டைத் தேடி எடுத்துப்போவது அவசியம். அடுத்த ஊசிக்கு அதிலிருந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஆச்சிக்கு 13 வகை ஊசி என்று முடிவாயிற்று. விலை சில ஆயிரம் ரூபாய். ஒரு ரூபாயைக்கூட எண்ணிச் செலவழிக்கிற வீடு எங்களுடையது. சார்வாள் வீட்டில் ஐ.சி.யு.வுக்கு ஒரே நாளில் கட்டிய தொகை இதைவிடப் பல மடங்கு என்பதை ஆச்சியே கணக்குப் பார்த்திருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இதே கிருமிக்கான ஊசி குழந்தைகளுக்கு நம் நாட்டில் இலவசம். 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-ல் நாடு முழுவதும் விரிந்தது. ஆறாவது வாரம், பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. புனேயில் தயாரான 10 வகை ஊசி வந்தபிறகு அரசு அதை மலிவாக வாங்க முடிகிறது. ஆனால் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் முதியவர்களுக்கு இடமில்லை. சர்க்கரை வியாதியோ இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ள 65 வயதைக் கடந்தவர்களுக்காவது அரசு ஆஸ்பத்திரிகளில் இதைத் தொடங்க வேண்டும். கூலிவேலை செய்து மகன் அனுப்புகிற பணத்தில் வாழும் ஒரு பாட்டியிடம் போய் இந்த விலையைச் சொல்ல எனக்கு வாய் வராது.

குழந்தைகளுக்குப் போடுவது பெரியவர்களையும் ஓரளவு காக்கிறது என்பது ஆறுதலான செய்தி. நிமோகாக்கஸின் உறைவிடம் சின்னப் பிள்ளைகளின் மூக்கும் தொண்டையும்தான். பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யாமல் அங்கே குடியிருந்துகொண்டு, கொஞ்சும்போதும் தும்மும்போதும் தாத்தா பாட்டிகளுக்குத் தாவும். 2000-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஊசி தொடங்கிய சில வருஷங்களிலேயே, ஊசி போடாத முதியவர்களிடமும் அந்த வகைகளால் வரும் கடும் நோய் குறைந்தது. ஆச்சி என் மகனைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்த நடை அவரையும் சேர்த்துத்தான் காத்துக்கொண்டிருந்தது. இதைச் சொன்னபோது ஆச்சிக்கு ஒரே பெருமை.

ஊசி போடுவதற்கு முன் டாக்டர் சில விஷயங்களைக் கேட்டுக்கொண்டார். இப்போது காய்ச்சலோ வேறு கடும் நோயோ இருக்கிறதா, இருந்தால் தள்ளிப்போடலாம். முன்பு எந்தத் தடுப்பூசிக்காவது முகம் வீங்கியோ மூச்சு முட்டியோ இருக்கிறதா, அப்படி இருந்தால் இது கூடாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா, உண்டென்றால் மெல்லிய ஊசியால் குத்தி இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் போதும், மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. ஊசியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நம் கண்முன்னே எடுத்தார்கள். அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கடையில் வாங்கிக் கைப்பையில் வைத்து வெயிலில் கொண்டுபோனால் வீணாகிவிடும், ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி உறைந்துபோனாலும் வீண்தான். இடது தோளின் தசையில் அரை மில்லி மருந்து. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

மறுநாள் ஆச்சிக்குக் கை தூக்க வலித்தது. உடம்பு கணகணவென்று இருந்தது. "எனக்கே நிமோனியா வந்துட்டோ?" என்று கேட்டார். ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் இல்லை, உறையின் துணுக்குகள் மட்டுமே இருக்கின்றன, அதனால் நிமோனியா வர வழியே இல்லை. எதிர்ப்பு மண்டலம் வேலையை ஆரம்பித்ததன் சத்தம் அது. ஒரு பாரசிட்டமால் மாத்திரை போட்டார், மூன்றாம் நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டார்.

ஃப்ளூ ஊசியையும் வருஷாவருஷம் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஃப்ளூ வைரஸ் மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிய பிறகுதான் நிமோகாக்கஸ் பல பேருக்கு உள்ளே இறங்குகிறது. இரண்டையும் ஒரே நாளில் இரண்டு கைகளில் போடலாமாம். ஆச்சி இரண்டு கையும் ஒன்றாக வலிக்க ஒத்துக்கொள்ளவில்லை, மழைக்காலத்துக்கு முன்னால் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். விறகடுப்பில் வெந்நீர் போடுவதையும் நிறுத்தச் சொன்னார்கள், புகை மூச்சுக்குழாயின் காவலைக் கெடுக்கிறது என்று. அதற்கு இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.

சார்வாள் தெளிந்து எழுந்து தெருமுனை வரை நடக்க மூன்று மாதம் பிடித்தது. அதன்பிறகும் இதயத்தைப் பரிசோதிக்க ஒருமுறை போய்வந்தார். நிமோனியா வந்த பெரியவர்களுக்கு அடுத்த சில மாதங்களில் மாரடைப்பு வரும் அபாயம் கூடுதல் என்பதால் டாக்டர்கள் அதைக் கவனிக்கச் சொல்வார்கள். அவருடைய மனைவி ஒருநாள் ஆச்சியிடம், "இவுகளுக்குத்தான் வந்து போயிட்டே மதினி, இனிமே ஊசி வேண்டாம்லா?" என்று கேட்டார். ஒருமுறை வந்தால் அந்த ஒரு வகைக்கு மட்டும்தான் ஓரளவு எதிர்ப்பு மிஞ்சும், மற்ற வகைகள் அப்படியே காத்திருக்கின்றன, வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பும் அதிகம். ஆச்சி இதை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தானே அவருக்கு விளக்கினார். வகைகள் 100-க்கு மேல் என்று சொன்னபோது என் பக்கம் திரும்பிச் சரிதானா என்று பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் சார்வாள் தம்பதி இரண்டு பேரும் போய் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஆச்சிக்கு அடுத்த ஊசி வருகிற ஆடி மாதத்துக்குப் பிறகு. அந்தச் சீட்டு ரேஷன் கார்டோடு பீரோவில் இருக்கிறது.